புதுப்பிப்பு: அண்ணன் சுகருக்குக் காரணம் தெரிஞ்சிருச்சு, வளர்ச்சி ஹார்மோன் கூடிப்போனதுதான்

போன மாசம் நான் கேட்டது: "உசிலம்பட்டியில கொத்தனாரா இருக்க எங்க அண்ணனுக்கு 38 வயசு, வீட்ல யாருக்கும் சுகர் இல்ல, தொப்பையும் இல்ல, மூணு மாத்திரை போட்டும் ஏன் குறையல?"

அப்ப ஒரு அக்கா "செருப்பு சைஸ் மாறிருக்கா, கல்யாண மோதிரம் ஏறுதா"ன்னு கேட்டாங்க. மதினிகிட்ட விசாரிச்சா, மோதிரத்த ரெண்டு வருசம் முன்னாடியே கழட்டியாச்சாம், செருப்பு 8ல இருந்து 10. பழைய கல்யாண போட்டோவ பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்கு பக்குனு ஆயிருச்சு, மூக்கும் தாடையும் வேற ஆள் மாதிரி, தினமும் பாக்குறதால யாருக்குமே தெரியல.

கார்ட்டிசோல்ங்கிற ஹார்மோன் கூடினதா இருக்கும்னு சொன்ன தம்பி, அதுவும் சுகர ஏத்தும் சரிதான், ஆனா அதுல தோல் மெலிஞ்சு லேசா இடிச்சாலே கன்னிப்போகும், குத்தவச்சு எந்திரிக்க தொடையில தெம்பு இருக்காது. அண்ணனுக்கு தோல் தடிச்சு எண்ணெய் வழியுது.

வளர்ச்சி ஹார்மோன் கூடுனாதான் விரல், பாதம், மூக்கு, தாடையெல்லாம் பெருசாகி சுகரும் ஏறுமாம். அந்த ஹார்மோன் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குமாம், அதனால மதுரையில டாக்டர் அது தூண்டி ரத்தத்துல நிலையா இருக்குற ஐஜிஎஃப்-1 பாத்தாரு, வயசுக்கு ரொம்ப அதிகம். எம்ஆர்ஐல மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரி சுரப்பியில 14 மில்லிமீட்டர் கட்டி, அதுதான் அந்த ஹார்மோன அதிகமா சுரந்திருக்கு. மூக்கு வழியா ஆபரேசன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, மாத்திரை இப்ப ஒண்ணுதான்.

அத்தைக்கு மூட்டுவலிப் பொடி சாப்பிட்டு சுகர் வந்துச்சுன்னு எழுதுன அண்ணே, அதுல சுகர ஏத்துற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், திடீர்னு நிறுத்திறாதீங்க, டாக்டர்கிட்ட அந்தப் பொடியவே கொண்டுபோய்க் காட்டுங்க.

சுகர் முழுசா போகுமான்னு இன்னும் சொல்லல, ஆபரேசன் முடிஞ்சு 12 வாரம் ஆனதும் மறுபடி ஐஜிஎஃப்-1 பாக்கணும்.