நீக்கியும் நீங்காத கோப்பு: என்ன சொல் வைப்பது?

அஸ்தம்பட்டி, கணினி ஆசிரியை:

வணக்கம். வெள்ளிக்கிழமை ஆய்வக வகுப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு அச்சடிக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

எங்கள் லினக்ஸ் சர்வரில் ஆளுக்கு 2 ஜிபி ஒதுக்கீடு. நேற்று ஒரு மாணவி ஒன்பது வீடியோக்களை நீக்கினாள். அப்புறமும் இடம் போதவில்லை என்றே வந்தது. செய்முறைக் கோப்பைச் சேமிக்க முடியாமல் கண்கலங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்புறை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் du கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்:

```
$ du -sh ~/.local/share/Trash
1.4G    /home/cs21/.local/share/Trash
```

ஒன்பதும் அங்கேதான் இருந்தன. `.local` புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. குப்பையைக் காலிசெய்ததும் பயன்பாடு 600 எம்பிக்கு இறங்கியது. நீக்கிவிட்டாள், ஆனால் போகவில்லை. அந்த நிலையில் இருக்கும் கோப்பை எப்படிச் சொல்வது?

ஆத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, விடை உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது. நீக்குதல் பிறவினை, நீங்குதல் தன்வினை. அவள் நீக்கினாள், அது நீங்கவில்லை. ஆகவே 'நீங்காக் கோப்பு'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று கட்டாயம் மிகும்.

'குப்பைத்தொட்டி' பற்றியும் ஒன்று. தொடுதல் என்றால் தோண்டுதல். 'தொட்டனைத் தூறும்' என்ற குறளை நினைத்துப் பாருங்கள். தொட்டி தோண்டப்பட்டது என்பது என் துணிபு. தோண்டிப் புதைத்ததை மீண்டும் எடுக்கலாம் அல்லவா? தொட்டில் என்பதையும் இந்த வழியில் பார்க்க வேண்டும். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஏற்காடு, காப்பித் தோட்டக் கணக்கர்:

எனக்கும் இதே தொல்லைதான். கூகுள் கணக்கில் 15 ஜிபியும் நிரம்பிவிட்டது. டிரைவில் குப்பையைக் காலிசெய்தும் பெரிதாகக் குறையவில்லை. அந்த du கட்டளையை போனில் எங்கே அடிப்பது?

சூரமங்கலம், சர்வர் பராமரிப்பவர்:

அண்ணே, உங்களுடையது வேறு கதை. அந்த 15 ஜிபியை டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிக் குப்பை உண்டு. டிரைவிலும் ஜிமெயிலிலும் 30 நாளில் தானாகப் போகும்; போட்டோஸில் ஏற்றிய படம் 60 நாள் வரை கிடக்கும். மற்ற இரண்டையும் திறந்து காலிசெய்யுங்கள்.

அக்கா, உங்கள் சர்வரில் நடந்தது இதுதான்: குப்பைக்கு அனுப்பும்போது கோப்பின் இருப்பிடப் பெயர்தான் மாறுகிறது. வட்டில் அதன் பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒதுக்கீடோ, கோப்பு யாருக்குச் சொந்தம் என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பென் டிரைவில் நீக்கினால் அந்த டிரைவிலேயே `.Trash-1000` போன்ற ஒரு கோப்புறையில் தங்கும். டிரைவைச் செருகிவைத்துக் காலிசெய்தால்தான் அது போகும். இதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஓமலூர், நிரலாளர்:

குப்பை காரணமாக இருக்காது. ஏதோ ஒரு நிரல் கோப்பைத் திறந்துவைத்திருக்கும். அதை மூடினால் இடம் வந்துவிடும். `lsof +L1` போட்டுப் பாருங்கள், அழித்தும் திறந்தே இருக்கும் கோப்புகளைக் காட்டும்.

சூரமங்கலம்:

தம்பி, நீங்கள் சொல்வதும் நடப்பதுதான், ஆனால் குப்பைக்கு அனுப்பாமல் `rm` கட்டளை போட்டு நேரடியாக அழித்த கோப்புக்கு. அதற்கு எந்தக் கோப்புறையிலும் பெயர் இருக்காது, du கணக்கிலும் வராது. இங்கே du 1.4 ஜிபி என்று காட்டிவிட்டதே. தமிழிலும் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும். ஐயாவின் 'நீங்காக் கோப்பு' இரண்டுக்குமே பொருந்துகிறது, அதுதான் சிக்கல்.

கொண்டலாம்பட்டி, சேகோ ஆலைக்காரர் மகள்:

'திப்பி' என்று வைக்கலாமே. மரவள்ளிக்கிழங்கில் மாவெடுத்தபின் மிஞ்சுவது. ஆலையைப் பொறுத்தவரை வேலை முடிந்த பொருள், ஆனாலும் களத்தில் பரப்பிக் காயவைத்திருப்போம். அது கிடக்கும்வரை வேறெதையும் அங்கே கொட்ட முடியாது. மாட்டுத்தீவன வண்டி வந்து ஏற்றினால்தான் களம் காலியாகும். சேலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னவுடன் புரியும்.

ஆத்தூர்:

படிமம் அருமை, மகளே. ஆனால் திப்பி என்பது சாறு போன சக்கை. அந்த வீடியோவில் ஒரு பைட்டும் குறையவில்லை, மீட்டால் முழுதாக வரும். திருநெல்வேலி மாணவனுக்கு யார் விளக்குவது?

அஸ்தம்பட்டி:

'கிடப்புக் கோப்பு' எப்படி? கிடப்பில் போடுவது எல்லோருக்கும் தெரியும். பட்டனிலும் 'கிடப்பில் போடு', 'அழி' என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். 'ஒதுக்கிய கோப்பு' என்றும் யோசித்தேன். ஒதுக்கீடு, ஒதுக்குதல் இரண்டும் ஒரே பத்தியில் வந்து குழப்புகின்றன.

ஓமலூர்: கிடப்புக்கு என் ஓட்டு.

சூரமங்கலம்: எனக்கும் சரி. அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள் அக்கா.

ஏற்காடு: போட்டோஸ் குப்பையில் 4 ஜிபி இருந்தது தம்பி. நன்றி. சொல் எதுவானாலும் சம்மதம்.

ஆத்தூர்:

கிடப்பில் போட்டது மேசைக்குத் திரும்பி வர வேண்டிய வேலை. இவள் வேண்டாம் என்றே எறிந்தாள். அந்தக் கருத்து 'கிடப்பு' என்பதில் இல்லை. அச்சடியுங்கள் அம்மா, தடுக்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'நீங்கா' பற்றி மறுபடி எழுதுவேன்.