பகுதிநேரப் பிள்ளைக்கு எழுதிய கையளிப்புக் குறிப்பு: பார்த்துச் சொல்லுங்கோ

சுன்னாகம் கடைக்காரன்
எங்கள் இணையக் கடை வேர்ட்பிரஸில், வூகொமர்ஸ் பிளகினில் ஓடுகிறது. பனங்கட்டி, ஒடியல் மா, கறித்தூள். தினமும் விலையும் இருப்பும் மாற்றிக்கொண்டிருந்த மச்சாள் கொழும்புக்குப் போகிறார், கம்பஸ் பிள்ளை ஒருத்தி பின்னேரங்களில் வந்து அதைச் செய்யப்போகிறார். அவருக்கு எழுதியதில் முக்கியமான பகுதி இது:

“முதலில் அலுமாரியில் எண்ணின இருப்பைப் போடு, அதற்குப் பிறகுதான் விலை. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதே. இடையில் ஓடர் வந்து இருப்பு மாறியிருந்தால், நீ போட்ட இருப்பை ஏற்கவில்லை என்று செய்தி வரும், அப்போது பக்கத்தைப் புதிதாகத் திறந்து இப்போதைய எண்ணைப் பார்த்துப் போடு. Regular price மாற்றினால் Sale price பெட்டியையும் பார். 500 கிராம் பனங்கட்டி 600 ரூபாய், நல்லூர்த் திருவிழாவுக்கு 540 என்று போட்டிருக்கிறோம். கொள்முதல் ஏறியதும் 600-ஐ மட்டும் 700 ஆக்கினால், 700-இல் கோடு விழுந்து 540-க்கே விற்கும். 250 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் விலை தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. முடிந்ததும் லாகின் செய்யாத ஜன்னலில் பொருளைக் கூடையில் போட்டுப் பார், கூடையில் வரும் விலைதான் உண்மை. SKU-வையும் இணைப்பு முகவரியையும் தொடாதே, வாட்ஸ்அப்பில் அனுப்பின பழைய இணைப்புகள் அந்த முகவரியைத்தான் நம்பியிருக்கின்றன.”

லாகின் பகுதி இன்னும் எழுதவில்லை. மச்சாளின் கணக்கையே கொடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கல்வியங்காடு தம்பி
வேண்டாம் அண்ணை, தனிக் கணக்குத் திறவுங்கோ, Shop manager என்று கொடுத்தால் போதும். அட்மின் இல்லைதானே, பிறகென்ன பயம்?

பழைய டெவலப்பர்
தனிக் கணக்கு என்பது சரி, பயமில்லை என்பது பாதிதான் சரி. Shop manager பிளகின் போட முடியாது, ஆனால் வூகொமர்ஸின் Settings-க்குள் போகலாம், அங்கே Payments-இல்தான் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. நம் ஊரில் பாதிப்பேர் வங்கிக்குத்தான் காசு போடுகிறார்கள், அந்த எண் மாறினால் பொருள் நம்மிடமிருந்து போகும், காசு வேறு எங்கோ போகும். பிள்ளையைச் சந்தேகப்படச் சொல்லவில்லை, அவருடைய பாஸ்வேர்ட் வேறொருவர் கைக்குப் போனாலும் இதே கதைதான். Shop manager போன்ற பயனர் பாத்திரங்களைத் திருத்தும் பிளகின் ஒன்று போட்டு அவருடைய பாத்திரத்திலிருந்து `manage_woocommerce` உரிமையை எடுத்துவிடுங்கள். பொருட்களைத் திருத்துவது தொடர்ந்து நடக்கும். சில பிளகின்களின் பக்கங்கள் அவருக்குத் திறக்காமல் போகலாம், அதனால் அவர் கணக்கில் ஒருமுறை புகுந்து பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.

பாஸ்வேர்டை வைபரில் அனுப்பாதீர்கள். கணக்குத் திறக்கும்போது அவருடைய மின்னஞ்சலுக்கு இணைப்புப் போகும், அவரே வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு அது தெரியத் தேவையே இல்லை.

நல்லூர் அக்கா
எங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கும் இதே தலையிடி. கூகிள் மேப்பில் வரும் பக்கத்தை ஒரு பொடியன் பார்க்கிறான், என்னுடைய ஜிமெயிலைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். ஓ.டி.பி வந்தால் போனில் வாசித்துச் சொல்லுவேன், பிரச்சினை ஒன்றும் வரவில்லை. நீங்களும் அப்படியே செய்யலாமே.

பழைய டெவலப்பர்
அக்கா, அவர் கேட்டது கடைத் தளம். இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஜிமெயிலில் உங்கள் வங்கிக் கடிதமும் வரும் என்றால் ஓ.டி.பி வாசிப்பது வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி. கூகிள் பக்கத்தில் அவரை Manager ஆகச் சேர்க்கலாம், நேரமும் படமும் அவர் மாற்றலாம், ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. பிறகு ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

சுன்னாகம் கடைக்காரன்
சரி, மச்சாளின் கணக்கை அழித்துவிடுகிறேன்.

பழைய டெவலப்பர்
பொறுங்கள்! அழிக்கும்போது அவர் போட்டதை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். Delete all content என்று விட்டால் அவர் ஏற்றிய படங்களும் சேர்ந்து போகும், பொருள் இருக்கும், படம் இருக்காது. Attribute all content to என்பதில் உங்கள் பெயரைத் தெரிவு செய்யுங்கள். அவசரம் இல்லையென்றால் கணக்கை வைத்துக்கொண்டு பாத்திரத்தை மட்டும் எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்யும் பொத்தானை அமத்துங்கள். போனில் திறந்து கிடப்பதும் மூடிவிடும்.

கல்வியங்காடு தம்பி
விலையை மட்டும் அண்ணை பார்த்து ஓகே சொன்ன பிறகு போகிற மாதிரி வைக்கலாம். பிள்ளை Draft ஆகச் சேமிக்கட்டும்.

பழைய டெவலப்பர்
விற்பனையில் இருக்கும் பொருளை Draft ஆக்கினால் கடையிலிருந்தே மறைந்துவிடும் தம்பி. இணைப்பைத் திறக்கிறவருக்குப் பக்கம் இல்லை என்றுதான் வரும்.

சுன்னாகம் கடைக்காரன்
அப்ப, விலையை ஷீட்டில் எழுதட்டும், நான் பார்த்து ஓம் என்றதும் மாற்றட்டும் என்று யோசிக்கிறேன். ஆனால் பின்னேரம் நான் சந்தையில் நிற்பேன், பதில் போட இரவாகிவிடும். இருநூறு ரூபாய்க்குள் மாறுவதை அவரே மாற்றலாம் என்று விட்டால் என்ன? யாராவது அப்படி விட்டிருக்கிறீர்களா?

நல்லூர் அக்கா
நான் விடமாட்டேன். ஆனால் என்னுடையது அறை வாடகை, உங்களுடையது பனங்கட்டி.