செப்டம்பர் 7 சந்திர கிரகணம்: களத்துக்கு வாருங்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வானியல் சங்க ஒருங்கிணைப்பாளர்: 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். ஊருக்கு மேற்கே உள்ள தரிசில் கூடுகிறோம். இரவு 9.57க்கு நிலவின் ஓரத்தில் நிழல் ஏறும். 11.01 முதல் 12.23 வரை முழுசாகச் சிவந்து நிற்கும். 1.26க்கு நிழல் விலகிவிடும். நிலவு அப்போது உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால் பாய் கொண்டுவாருங்கள், நின்று பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2018 ஜூலை 27 இரவு இதே தரிசில் பார்த்தோம். பௌர்ணமி வெளிச்சத்தில் ஆளாளுக்கு டார்ச் இல்லாமல் வந்துவிட்டார்கள். ஒரு மணி வாக்கில் நிலவு முழுதும் மறைந்ததும், சற்று முன் தெரிந்த வரப்பே தெரியவில்லை. ஒருவர் கால் பிசகி விழுந்தார். கட்டுவிரியன் நடமாடும் நேரமும் அதுதான். மூடிய செருப்பு, டார்ச் கட்டாயம். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.

தெற்குத் தெரு டீச்சர்: அன்று நானும் இருந்தேன். நிலவுக்குக் கீழே செவ்வாயும் சிவப்பாக நின்றது. நிலவு மங்க மங்க, அதுவரை இல்லாத சின்ன நட்சத்திரங்கள் எல்லாம் வெளியே வந்தன. எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிந்தது.

மளிகைக்கடை அண்ணன்: கிரகணம் 8.58க்கே ஆரம்பம் என்று செய்தியில் பார்த்தேனே? சூரிய கிரகணக் கண்ணாடி வீட்டில் நான்கு இருக்கிறது, கொண்டுவரட்டுமா?

ஒருங்கிணைப்பாளர்: 8.58 சரிதான் அண்ணே. ஆனால் அது பூமியின் மங்கலான வெளிநிழல் படத் தொடங்கும் நேரம். ஒன்பதரை வரை உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடி வேண்டாம். அதைப் போட்டால் சிவந்த நிலவு தெரியவே தெரியாது. வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. சூரியன்தான் கண்ணைச் சுடும். இது சாதாரண நிலவொளியைவிட மங்கல்.

கீழத்தெரு அக்கா: என் மகளுக்கு ஏழு மாசம். மாமியார் வெளியே வரவே கூடாது என்கிறார்கள். என்ன செய்ய?

டீச்சர்: என் மருமகள் 2022 நவம்பரில் மாடியில் நின்று பார்த்தாள் அக்கா, குழந்தை நல்லபடி பிறந்தது. கிரகணத்தால் ஒன்றும் வராது. ஆனால் இருட்டில் தரிசு வரப்பில் நடப்பது வேறு விஷயம். உங்கள் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுப் பார்க்கட்டும். மாமியாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

கல்லூரித் தம்பி: மேகம் மூடினால்?

ஒருங்கிணைப்பாளர்: ராத்திரி மழைதான் பயம். 82 நிமிஷம் இருக்கிறது, ஓர் இடைவெளி கிடைக்கும் என்று நம்பிக் காத்திருப்போம். இடி கேட்டால் உடனே கலைந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. சிவந்த நிலவுக்குக் கிழக்கே மின்னாமல் நிற்கும் புள்ளி சனி, அதையும் தொலைநோக்கியில் காட்டுகிறேன்.