Restore, Factory Defaults: இரண்டுக்கும் ‘மீட்டமை’ சரியா?

கவிதா:
வணக்கம். வீட்டு இணைய ரூட்டர் ஒன்றின் தமிழ்க் கையேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், பிடிஎஃப் கோப்பு. ரூட்டரின் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதில் Reboot, Restore, Factory Defaults என்று மூன்று பொத்தான்கள். கையேட்டில் முதலாவது ‘மறுதொடக்கம்’, மற்ற இரண்டும் ‘மீட்டமை’. படிப்பவர் எதை அழுத்துவார்? இன்னொரு தொல்லை, ‘அமைவு’ என்று தேடினால் அந்த அத்தியாயமே கிடைப்பதில்லை, கண்ணெதிரே தலைப்பு இருந்தும்.

துரைராஜ்:
தேடல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தத் தலைப்பை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘அைமவு’ என்று விழுந்தால், ஐகாரக் குறி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, அதாவது மகரத்துக்கு முன்னால், கோப்பில் பதிந்திருக்கிறது என்று பொருள். கொம்பும் ஐகாரமும் வராத துண்டாகத் தேடினால் சிக்கும், ‘மீட்ட’ என்று தேடிப் பாருங்கள். ஒட்டியது முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் அது பழைய எழுத்துரு, தமிழில் தேடவே முடியாது. அப்போது 192.168 அல்லது PPPoE என்று தேடுங்கள். ரூட்டரை அமைக்கும் அத்தியாயத்தில் இந்த இரண்டில் ஒன்றாவது அநேகமாக இருக்கும், அவற்றை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஆங்கிலக் கையேட்டையும் பக்கத்தில் திறந்து வையுங்கள், பக்க எண் மாறியிருந்தாலும் 5.3, 5.4 என்ற பிரிவு எண்கள் பெரும்பாலும் மாறாது.

இனி சொல். Reboot கொடுத்தால் எதுவும் அழியாது. Restore என்பது நீங்கள் முன்பு சேமித்து வைத்த அமைப்புக் கோப்பைத் திரும்ப ஏற்றுவது. Factory Defaults கொடுத்தால் நீங்கள் போட்டதெல்லாம் போய்விடும், PPPoE பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உட்பட. வைஃபை பெயர் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பழைய பெயருக்கே மாறிவிடும், வைஃபை கிடைக்கும், இணையம் வராது. அந்த விவரங்களை எழுதி வைக்காதவர் இணைய நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே ஒரே சொல் கூடவே கூடாது.

சிவா:
எனக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதாகத் தெரியவில்லை. ரீசெட் என்றால் மீட்டமை, எல்லாரும் பழகிய சொல். எங்கள் வீட்டு ரூட்டரின் பின்னால் Reset என்று ஒரு துளை இருக்கிறது, ஊசியால் குத்தினால் அணைந்து எரியும், ஒன்றும் அழியவில்லையே.

துரைராஜ்:
சிவா, சில ரூட்டர்களில் சட்டென்று குத்தி எடுத்தால் வெறும் மறுதொடக்கம்தான், நீங்கள் சொல்வது அது. அதே துளையைப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்தால், விளக்குகள் சேர்ந்து மின்னி, எல்லாம் அழிந்துவிடும். தயவுசெய்து சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பாஸ்கரன்:
நான் ரூட்டர் வைத்திருக்கவில்லை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிதான். அதன் கையேட்டில் ‘நினைவகத்தை மீட்டமை’ என்று இருந்தது. பழைய அளவுகளை எடுத்துக் காட்டும் என்று நம்பி அழுத்தினேன், டாக்டரிடம் காட்ட வைத்திருந்த அளவுகள் எல்லாம் போயின. அவற்றைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

கவிதா:
ஐயா, பெரும்பாலும் முடியாது. வருத்தமாக இருக்கிறது. நீங்கள் புரிந்துகொண்டதில் பிழையே இல்லை, அடகு நகையை மீட்டேன் என்றால் நகை கைக்கு வந்தது என்றுதானே பொருள். அழிக்கிற வேலைக்கு ‘மீட்டு’ என்று தொடங்கும் சொல்லை வைத்ததுதான் தவறு. Restore-க்கு ‘சேமித்ததை மீட்டு’, Factory Defaults-க்கு ‘அழித்து முதல்நிலையாக்கு’ என்று முன்வைக்கிறேன்.

நிமலன்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கு ‘மீளமை’ என்று எழுதுவோம், அதிலும் இதே குழப்பம் உண்டு. ‘அழித்து’ என்று முன்னாலேயே சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீளம்? ஒருநாள் திரையையும் தமிழாக்கினால் பொத்தானுக்குள் அடங்காது.

துரைராஜ்:
பொத்தானில் ‘முதல்நிலையாக்கு’ மட்டும் போதும், அழுத்தியதும் உறுதி கேட்கும் பெட்டியில் ‘எல்லா அமைப்புகளும் அழியும்’ என்று வரட்டும். கையேட்டில் முழுச்சொல். அதோடு கவிதா, திரை ஆங்கிலத்தில் இருக்கும்வரை திரையில் உள்ள சொல்லையே முதலில் போடுங்கள்: ‘Factory Defaults பொத்தானை அழுத்தினால், ரூட்டர் தன் அமைப்புகளை அழித்து முதல்நிலையாகும்’. தமிழ்ச்சொல்லை மட்டும் போட்டால் அவர் திரையில் எதைத் தேடுவார்?

சிவா:
சரி, Factory Defaults-க்கு ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் அந்தத் துளைக்கு என்ன பெயர்? அது இரண்டு வேலையும் செய்கிறதே.

கவிதா:
அதற்கு இன்னும் சொல் அமையவில்லை. இப்போதைக்கு ‘Reset துளை’ என்றே விட்டு, எவ்வளவு நேரம் அழுத்தினால் என்ன நடக்கும் என்று பக்கத்திலேயே எழுதுகிறேன். 5.3, 5.4 திருத்தி இன்று இரவு அனுப்புகிறேன், நிமலன் ஒருமுறை பாருங்கள்.