'ரன் ஓவர்' எந்தப் பட்டியலில்?
பாடத்துக்காக ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களை, நடுவில் சொல் வந்து பிரிபவை, பிரியாதவை என இரண்டு பட்டியல்களாகத் தயாரிக்கிறோம். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான், 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' பிரியாது: 'லுக் ஆஃப்டர் ஹர்'. இதுவரை சிக்கலில்லை.

வில்லங்கம் 'ஓவர்'தான். 'லுக் ஓவர் த வால்' என்றால் சுவரைச் சோதிப்பதா, சுவருக்கு மேலாக எட்டிப் பார்ப்பதா? 'இட்' போட்டதும் தெளிந்துவிடும்: 'லுக் இட் ஓவர்' சோதிப்பது, 'லுக் ஓவர் இட்' எட்டிப் பார்ப்பது. காதும் உதவும், முதலாவதில் 'ஓவர்' அழுத்தமாக ஒலிக்கும்.

ஆனால் வண்டி ஒருவர்மேல் ஏறுவதற்கு 'ரன் ஹிம் ஓவர்', 'ரன் ஓவர் ஹிம்' இரண்டுமே புழங்குகின்றன, பொருளும் மாறவில்லை. இதை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? 'லுக் ஓவர்' போல இடம் மாறினால் பொருளும் மாறும் ஜோடிகள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.