கலைச்சொல்: ‘மீடியா கிட்’டுக்குத் தமிழில் என்ன போடலாம்?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யூட்யூப், இன்ஸ்டாகிராமில் இயங்குகிறவர்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்துகொடுக்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு அம்மா நடத்துகிற சமையல் சேனலுக்கு மீடியா கிட்டை, அதாவது சேனலைப் பற்றி விளம்பரதாரர்களுக்கு அனுப்புகிற தாளை, தமிழில் செய்யவேண்டியிருக்கிறது. அந்த அம்மாவைத் தேடி வருகிற விளம்பரதாரர்கள் செக்கு எண்ணெய்க்காரர், பாத்திரக்கடைக்காரர், மசாலா போடுகிறவர் என்று எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். ஆங்கிலத்தில் அனுப்பினால் படிக்காமலே போன் போட்டு “ரேட்டு மட்டும் சொல்லுங்க” என்கிறார்கள்.

ஏ4 அளவில் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் சேனல் எதைப் பற்றியது, யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள் என்பது. இரண்டாம் பக்கத்தில் எதற்கு எவ்வளவு, என்ன நிபந்தனை, யாரிடம் பேசுவது என்பது. ஒருவர் “ஊடகத் தொகுப்பு” என்றார், எனக்கு ஒட்டவில்லை. உள்ளே வருகிற ஆடியன்ஸ், ரேட் கார்டு, யூசேஜ் ரைட்ஸ், எக்ஸ்க்ளூசிவிட்டி ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். முக்கியமாக, தலைப்பு போனில் திறந்தாலும் ஒரே வரியில் அடங்க வேண்டும். தமிழில் கொஞ்சம் நீளமாகப் போட்டாலே இரண்டு வரியாக உடைந்து, கீழே உள்ள படத்தை இடித்துவிடுகிறது.

சுந்தரமூர்த்தி:

அன்புள்ள கயல்விழி, ‘ஊடகப் பேழை’ என்று வைக்கலாமே. கிட் என்பது ஒரு கலன், அதில் பலதும் இருக்கும். பேழை பழைய சொல், அழகான சொல், வரிக்குள்ளும் அடங்கும். ரேட் கார்டு ‘கட்டண அட்டை’. ஆடியன்ஸுக்கு ‘நேயர்’. வானொலிக் காலத்திலிருந்தே புழங்குகிற சொல்லை விட்டுவிட்டுப் ‘பார்வையாளர்’ என்று ஏன் போக வேண்டும்?

பாஸ்கர்:

ஐயா, பேழை என்றால் உள்ளே நகை இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, மீடியா கிட் என்பதே பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுப்பது. படம் வெளியாகும்போது செய்திக் குறிப்பு, புகைப்படங்கள், நடிகர் விவரம் எல்லாம் ஒரு உறையில் போட்டுத் தருவார்கள் இல்லையா, அதுதான். கயல்விழி செய்வது வெறும் விலைப்பட்டியல். அப்படியே போட்டுவிட்டுப் போகலாம், புதுச் சொல்லே தேவையில்லை.

நஸ்ரின்:

பாஸ்கர் சொல்வதில் பாதி சரி. பத்திரிகையாளருக்குத் தருகிற உறையையும் அந்தப் பெயரில் சொல்கிறார்கள், அதற்குப் பிரஸ் கிட் என்ற பெயரும் உண்டு. ஆனால் பத்திரிகை நடத்துகிறவர்கள் விளம்பரதாரர்களுக்கு அனுப்புவதும் மீடியா கிட்தான்: எத்தனை பிரதி போகிறது, யார் வாசிக்கிறார்கள், முழுப் பக்கம் எவ்வளவு, பின்னட்டை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே ‘மீடியா’ என்பது விளம்பரம் வெளியாகிற இடம். இன்றைக்கு அந்த இடம் சமையல் அம்மாவின் சேனல், அவ்வளவுதான். அதனால் ‘ஊடக’ என்று தொடங்கினால் அவரே ஏதோ செய்தி நிறுவனம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும், எண்ணெய்க்காரருக்கு ஒன்றும் புரியாது.

விலைப்பட்டியல் என்றும் குறுக்க முடியாது. விளம்பர நிறுவனத்தில் இருந்தபோது இந்த மாதிரித் தாள்களை வாங்கிப் பார்ப்பதுதான் என் வேலை. நான் முதலில் பார்ப்பது விலையை இல்லை, எண்ணிக்கை எந்தக் காலத்துக்கு உரியது என்பதை. “சராசரிப் பார்வை 50,000” என்று மட்டும் இருந்தால் தாளை ஓரமாக வைத்துவிடுவேன்.

ஏன் என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். கடைசிப் பத்து நீள்காணொளிகளில் ஒன்பது, 17,000-க்கும் 25,000-க்கும் நடுவில் ஆயிரம் ஆயிரமாகக் கூடி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது, ஏதோ தீபாவளிப் பலகாரம், எதிர்பாராமல் 3,10,000 போய்விட்டது. கூட்டிப் பத்தால் வகுத்தால் 49,900. ஆனால் அடுத்த காணொளி 50,000 போகுமா? போகாது. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால், அதாவது பள்ளிக் கணக்கில் படித்த ‘இடைநிலை’, 21,500 வருகிறது. விளம்பரதாரருக்கு நிஜமாகக் கிடைக்கப்போவது அந்த அளவுதான். 50,000-ஐ நம்பிப் பணம் கட்டியவர் ஒரு மாதம் கழித்து 20,000-ஐப் பார்த்தால் மறுபடி வரமாட்டார். ஆகவே முதல் பக்கத்தில் “இடைநிலைப் பார்வை 21,500 (கடைசி 10 நீள்காணொளிகள்)” என்று தேதியோடு போடுங்கள். 3,10,000-ஐ மறைக்க வேண்டாம், தனி வரியில் “அதிகபட்சம்” என்று இருக்கட்டும்.

ஷார்ட்ஸை இதோடு கலக்கவே கூடாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூட்யூப் ஒரு பார்வையாக எண்ணுகிறது, மறுபடி ஓடினாலும் எண்ணுகிறது. பழைய கணக்கு Engaged views என்ற பெயரில் யூட்யூப் ஸ்டூடியோவில் தனியாக இருக்கிறது. எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தால் ஆள் கூடினார்களா, அளவுகோல் மாறியதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தர்சன் (யாழ்ப்பாணம்):

வணக்கம். நானும் ஒரு சமையல் சேனல் வைத்திருக்கிறேன், எனக்கு இதுக்கு ஒரு டெம்ப்ளேட் இருந்தால் அனுப்புவீங்களோ? என்னுடைய பிரச்சினை வேறை. என்ரை வீடியோக்களை இங்கை பார்க்கிற ஆட்கள் குறைவு, கனபேர் கனடாவிலும் லண்டனிலும். இங்கே ஒரு பலசரக்குக் கடைக்காரர் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்து விளம்பரம் தந்தார், கடைக்கு ஒருத்தரும் வரேல்லை, என்னில்தான் கோவம். இப்ப நான் என்ன எண்ணிக்கை போடுறது?

நஸ்ரின்:

தர்சன், இங்கே பேசுவது பெயரைப் பற்றி, இருந்தாலும் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஸ்டூடியோவில் Audience பகுதியில் நாடுவாரியாகப் பிரித்துக் காட்டும். அந்தப் பட்டியலைப் பெரிய எண்களுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். உங்கள் தாள் போகவேண்டிய இடம் உள்ளூர்க் கடை இல்லை. கனடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை நடத்துகிறவர், ஊர் மிளகாய்த்தூளை அங்கே இறக்குமதி செய்கிறவர், அவர்கள்தான் உங்கள் ஆட்கள்.

இதே காரணத்தால்தான் ‘நேயர்’ என்ற சொல்லைப் பொதுவாகப் போட எனக்குத் தயக்கம். சந்தாதாரர் வேறு, பார்க்கிறவர் வேறு, எண்ணப்படுகிற பார்வை வேறு. ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் பார்வை மூன்று. பகுதித் தலைப்பாக ‘யார் பார்க்கிறார்கள்’ என்று போட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் சொல்லலாம்.

கயல்விழி:

தர்சன் அண்ணா, முடித்ததும் மாதிரியை அனுப்புகிறேன். ‘யார் பார்க்கிறார்கள்’ எனக்குப் பிடித்திருக்கிறது. தலைப்புக்கு ‘நேயர் கட்டண விவரம்’ என்று வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் அதில் வந்துவிடுகிறதே என்று. என் அண்ணன் படித்துவிட்டு, “பார்க்கிறவங்ககிட்ட காசு வாங்குறாங்களா?” என்றான். அதோடு அது போயிற்று.

சுந்தரமூர்த்தி:

வேடிக்கைதான். சரி, பேழையை விட்டுவிடுகிறேன். யூசேஜ் ரைட்ஸ் ‘பயன்பாட்டு உரிமை’, எக்ஸ்க்ளூசிவிட்டி ‘தனியுரிமை’. இவற்றில் சிக்கல் ஏதும் இருக்காது.

நஸ்ரின்:

ஐயா, சிக்கலே அந்த இரண்டில்தான்.

தனியுரிமை என்றால் பிரைவசி என்று மென்பொருள்களிலும் செயலிகளிலும் நிலைத்துவிட்டது. விலைப் பக்கத்தில் “தனியுரிமைக்கு 25% கூடுதல்” என்று பார்த்தால், ஏதோ ரகசியம் காப்பதற்குக் காசு கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள். இங்கே விஷயம், போட்டி நிறுவனத்தின் விளம்பரத்தைக் கொஞ்ச நாள் எடுக்கமாட்டேன் என்பது. ‘போட்டி விலக்கு’ எனலாம். எதற்கு, எத்தனை நாள், எந்தத் தளத்தில் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் எண்ணெய் விளம்பரத்துக்கு “உணவுப் பொருள்கள், 3 மாதம்” என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நடுவில் மசாலா விளம்பரம் வந்தது, ரவை வந்தது, இரண்டையும் விடவேண்டியதாயிற்று. “சமையல் எண்ணெய் மட்டும், 30 நாள், யூட்யூபில்” என்றிருந்தால் இரண்டும் கைக்கு வந்திருக்கும்.

பயன்பாட்டு உரிமையில் ‘உரிமை’ என்ற சொல்தான் எனக்கு உறுத்தல். காணொளியை எண்ணெய்க்காரர் தன் பக்கத்தில் 30 நாள் விளம்பரமாக ஓட்டிக்கொள்ள அந்த அம்மா அனுமதி தருகிறார், காணொளி அவருடையதாகவே இருக்கிறது. “உரிமை விளம்பரதாரருக்கு” என்று ஒரு வரி இருந்தால், அடுத்த வருடமும் ஓட்டுவார்கள், கேட்டால் தாளைக் காட்டுவார்கள். ‘பயன்பாட்டு அனுமதி’ என்று போட்டு, நாள் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

பாஸ்கர்:

விலையை எப்படிப் போடுகிறார்கள்? அதையே தாளில் போடாமல் “பேசிக்கொள்ளலாம்” என்று விட்டால் என்ன? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

நஸ்ரின்:

விடலாம், பெரிய நிறுவனங்களோடு பேசுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், முதலிலேயே தொகை சொன்னால் அதற்குமேல் ஏறாது என்று. ஆனால் உள்ளூர்க் கடைக்காரருக்கு விலை இல்லாத தாள் வெறும் தாள். மேலே சொன்ன 21,500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பார்வைக்கு 800 ரூபாய் என்று வைத்தால், காணொளிக்கு நடுவில் 60 விநாடி சொல்வதற்கு 17,200 வரும். அதே கணக்கை 49,900-க்குப் போட்டால் 39,920. எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதில் விலை எவ்வளவு மாறுகிறது பாருங்கள். 800 என்பது கணக்குக்குச் சொன்னது, துறைக்குத் துறை, ஊருக்கு ஊர் மாறும். அப்புறம், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் “வரி தனி” என்றும், இந்தக் கட்டணம் எந்தத் தேதிவரை என்றும் ஒரு வரி வேண்டும். தேதி இல்லாத தாள் ஒன்றரை வருடம் கழித்து வாட்ஸாப்பில் திரும்பி வரும்.

கயல்விழி:

நன்றி நஸ்ரின் அக்கா. இப்போதைக்கு இப்படி அமைத்திருக்கிறேன். தலைப்பு ‘விவரமடல்’, அதன் கீழே சின்ன எழுத்தில் ‘விளம்பரதாரர்களுக்கு’. முதல் பக்கத்தில் மூன்றே பெரிய எண்கள்: இடைநிலைப் பார்வை, சந்தாதாரர், தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்கள் எத்தனை சதவீதம். வட்ட வரைபடத்தை எடுத்துவிட்டேன், வயதையும் ஊரையும் படுக்கைப் பட்டைகளாகப் போட்டால் போனில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் பக்கம் ‘கட்டண விவரம்’, நான்கே வரிசை, கோடுகள் இல்லை. ‘பயன்பாட்டு அனுமதி’, ‘போட்டி விலக்கு’ இரண்டும் பட்டியலுக்கு அடியில் முழு வாக்கியமாக. வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக வைத்தபிறகுதான் மேலே கொக்கியும் கீழே சுழியும் இடிக்காமல் நிற்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்திருந்த இடைவெளியில் ‘கூ’வும் ‘கி’யும் முட்டிக்கொண்டன.

சுந்தரமூர்த்தி:

கட்டண விவரம், போட்டி விலக்கு இரண்டையும் ஏற்கிறேன். விவரமடலை ஏற்க மனம் வரவில்லை. பள்ளிச் சேர்க்கைத் தாளும் விவரமடல், மருந்துப் பெட்டிக்குள் இருப்பதும் விவரமடல். கலைச்சொல் என்றால் ஒன்றையே சுட்ட வேண்டாமா?

பாஸ்கர்:

கிட் மட்டும் ஒன்றையா சுட்டுகிறது ஐயா? முதலுதவி கிட், தையல் கிட்... ‘விளம்பர விவரமடல்’ என்று சேர்த்துவிட்டால்?

கயல்விழி:

சேர்த்துப் பார்த்தேன், போனில் இரண்டு வரி ஆகிறது. எழுத்தளவைக் குறைத்தால் அடங்கும், ஆனால் சேனல் பெயரைவிடச் சின்னதாகிவிடுகிறது. இன்னும் குட்டையாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.