உதவி: படம் மட்டும் இறங்கவில்லை, சாதாரண மெசேஜ் எல்லாம் வருகிறது

களுதாவளை மகள்: அப்பா உன்னிச்சைப் பக்கம் வயலில் இருந்து நெல் இலையைப் படம் எடுத்து அனுப்புகிறார். எனக்கு இறங்கவே இல்லை. டேட்டா போட்டுத்தான் இருக்கிறது, மெசேஜும் வருகிறது. இலை மஞ்சளாகிப் போகிறதாம், நாளைக்கு விவசாயப் போதனாசிரியரிடம் காட்ட வேண்டும். என்ன செய்வது?

தேத்தாத்தீவு சுதன்: வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும். கேஷை அழித்துப் பாருங்கள் அக்கா.

சம்மாந்துறை நானா: எந்த போன்? எத்தனை சிம்? அப்பா எதில் அனுப்புகிறார்? இது தெரியாமல் என்ன சொல்வது தங்கச்சி?

களுதாவளை மகள்: வாட்ஸ்அப் இல்லை. அப்பாவிடம் கேமரா உள்ள பட்டன் போன்தான். என் மெசேஜ் பெட்டிக்குத்தான் வருகிறது. `Download` என்று காட்டுகிறது, அமுக்கினால் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். நான் இங்கிருந்து படம் அனுப்பினாலும் போகவில்லை.

பழைய ரிப்பேர்காரன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இங்கே வருகிற பாதிப்பேருக்கு எஸ்எம்எஸ் வேறு, எம்எம்எஸ் வேறு என்பதே தெரியாது. எஸ்எம்எஸ் டேட்டா இல்லாமலே வரும். "உனக்கு ஒரு படம் இருக்கிறது" என்ற அறிவிப்பும் அப்படித்தான் வருகிறது. படத்தை போன் பிறகு டேட்டா வழியாகப் போய்க் கம்பனியின் எம்எம்எஸ் சேர்வரில் எடுக்க வேண்டும். `Download` தெரிகிறது என்றால் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில்தான் அடைபட்டு நிற்கிறது.

தேத்தாத்தீவு சுதன்: அப்படியென்றால் படம் பெரிதாக இருக்கும். எம்எம்எஸ்ஸுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு, எங்களுக்கும் பெரிய படங்கள் போகாது.

சம்மாந்துறை நானா: பெரிய படத்துக்கு அது சரி தம்பி. ஆனால் பட்டன் போன் எடுக்கிற படம் சின்னதுதானே. தங்கச்சி, `Download` பக்கத்தில் எத்தனை KB என்று போட்டிருக்கிறது?

களுதாவளை மகள்: 84 KB. இரண்டு சிம். அப்பாவுக்குத் தெரிந்த பழைய நம்பர் சிம் 1. டேட்டா கார்டு போடுவது சிம் 2. போன் அண்ணன் கத்தாரில் இருந்து கொண்டு வந்தது.

சம்மாந்துறை நானா: இப்போதான் விஷயம் வெளியே வருகிறது. படம் சிம் 1க்கு வருகிறது. அந்தக் கம்பனியின் எம்எம்எஸ் சேர்வரைப் பெரும்பாலும் அதே கம்பனியின் டேட்டா பாதையால்தான் தொட முடியும். சிம் 2வில் எவ்வளவு டேட்டா இருந்தாலும், வைஃபை இருந்தாலும் அதற்கு உதவாது. போன் சிம் 1இல் கொஞ்ச நேரம் தனி இணைப்பைத் திறந்து படத்தை எடுக்கும், அதற்கு சிம் 1இன் ஏபிஎன், அதாவது டேட்டா இணைப்பின் செட்டிங்ஸ், சரியாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிம் 1இன் `Access Point Names` திறந்து, எம்எம்எஸ் சேர்வரின் முகவரி வரும் `MMSC`, இணைப்பு எதற்கெல்லாம் என்று சொல்லும் `APN type` இரண்டிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியை: எனக்கும் இதே பிரச்சினை! பெற்றோர் இருபது பேருக்கு ஒரே எழுத்துச் செய்தி அனுப்பினால் போவதில்லை, ஒவ்வொருவராக அனுப்பினால் போகிறது.

சம்மாந்துறை நானா: டீச்சர், உங்கள் போன் கூட்டுச் செய்தியை எம்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்புகிறது போல. மெசேஜ் செட்டிங்ஸில் `Group messaging` இருக்கும், தனித்தனி எஸ்எம்எஸ்ஸாகப் போகும்படி மாற்றுங்கள்.

களுதாவளை மகள்: `MMSC` வெறுமையாக இருக்கிறது. கடைக்காரர் கையால் அடித்துத் தந்தது. கீழே இப்படி:

```
APN type: default,supl
```

சம்மாந்துறை நானா: இதுதான் காரணம். முதலில் மூன்று புள்ளியை அமுக்கி `Reset to default` கொடுங்கள். போனுக்கு அந்தக் கம்பனியைத் தெரிந்திருந்தால் எல்லாம் தானாக நிரம்பும். வெளிநாட்டுப் போன் என்பதால் நிரம்பாமலும் போகலாம். அப்படியென்றால் கம்பனிக்கு அழைத்து எம்எம்எஸ் செட்டிங்ஸ் கேளுங்கள். அவர்கள் சொல்லும் `MMSC`, `MMS proxy`, `MMS port` மூன்றையும் அப்படியே போடுங்கள், இன்னொரு கம்பனியுடையது சரிவராது. `APN type` இப்படி வர வேண்டும், காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாதீர்கள்:

```
APN type: default,supl,mms
```

சேமித்துவிட்டு போனை அணைத்துப் போடுங்கள்.

தேத்தாத்தீவு சுதன்: சிம் 1இலும் டேட்டா பெக்கேஜ் வேண்டும் நானா. இல்லாமல் இறங்காது.

பழைய ரிப்பேர்காரன்: தேவையில்லை. எம்எம்எஸ்ஸுக்குத் தனிக் கட்டணம், ரீலோட் காசு இருந்தால் போதும்.

தேத்தாத்தீவு சுதன்: என் சிம்மில் பெக்கேஜ் முடிந்த நாளில் எம்எம்எஸ்ஸும் நின்றது. நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

பழைய ரிப்பேர்காரன்: அன்று டேட்டாவை அணைத்து வைத்திருப்பாய். சில போன்கள் டேட்டா அணைந்தால் எம்எம்எஸ்ஸையும் நிறுத்திவிடும்.

தேத்தாத்தீவு சுதன்: அணைக்கவில்லை அண்ணன். கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டாம்.

சம்மாந்துறை நானா: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ரீலோட் போட்டு ஒரு சின்னப் படத்தைத் தன் நம்பருக்கே அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

களுதாவளை மகள்: ரீசெட்டில் வரவில்லை, கம்பனிக்கு அழைத்து வாங்கிப் போட்டேன். இரண்டு படம் இறங்கிவிட்டது! முதல் நாள் வந்ததற்குக் காலாவதி என்று காட்டுகிறது, அதை அப்பாவிடம் திரும்பக் கேட்டிருக்கிறேன். நான் அனுப்பிய படம் இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. காலையில் பார்க்கிறேன், இப்போது இலையைக் காட்டப் போகிறேன். நன்றி நானா.

சம்மாந்துறை நானா: உங்கள் கேமராப் படம் 3, 4 MB இருக்கும் தங்கச்சி. சுதன் சொன்னது அங்கேதான் பொருந்தும். வெட்டிச் சிறிதாக்கி அனுப்பிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் அப்பாவின் போனிலும் எம்எம்எஸ் செட்டிங்ஸைப் பார்க்க வேண்டும். அவர் அனுப்புவது வந்து சேர்வதால் அங்கே பெரிய பிழை இருக்காது என்று நினைக்கிறேன்.